‘எத்தனை நாளா இருக்கு?’: கேஷ்லெஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் கேள்வி

வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்ததும் குடும்பத்தாருக்கு இரண்டு காத்திருப்புகள் தொடங்குகின்றன. ஒன்று, டாக்டர் வந்து என்ன சொல்வார் என்பது. இன்னொன்று, தரைத்தளத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து ‘அப்ரூவல் வந்துடுச்சு’ என்ற சொல் எப்போது வரும் என்பது. முதல் காத்திருப்பில் என்ன நடக்கிறது என்பது நமக்கு ஓரளவு தெரியும். இரண்டாவதில் நடப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. கார்டைக் கொடுத்தோம், ஆதாரைக் கொடுத்தோம், கையெழுத்துப் போட்டோம், மீதி கம்பெனியின் கருணை என்று நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் அங்கே ஒரு விண்ணப்பம் எழுதப்படுகிறது. டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய குறிப்புகளை வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்தே இராத இன்னொரு டாக்டருக்கு எழுதப்படும் விண்ணப்பம் அது. ‘ப்ரீ-ஆத்’ என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து, அனுமதி அன்று மாலையே வரலாம். அல்லது மூன்று கேள்விகளோடு திரும்பி வரலாம்.

யார் எழுதுகிறார், யார் படிக்கிறார்?

இதற்கென்று நாடு முழுவதும் பொதுவான ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நோயாளியோ குடும்பத்தாரோ நிரப்ப வேண்டும்: பெயர், வயது, பாலிசி எண், அடையாள அட்டை எண், வேறு மருத்துவக் காப்பீடு உண்டா என்பது போன்ற விவரங்கள். பெரிய பகுதி, சிகிச்சை தரும் டாக்டர் நிரப்ப வேண்டியது. என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, பரிசோதனையில் என்ன தெரிந்தது, உத்தேச நோயறிதல் என்ன, என்ன சிகிச்சை, எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதில் வரும். நடைமுறையில் இதை டெஸ்க்கில் இருப்பவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதுகிறார், டாக்டர் கையெழுத்திடுகிறார்.

மறுமுனையில் இதைப் படிப்பவர், காப்பீட்டு நிறுவனத்திலோ அதன் சார்பில் வேலை பார்க்கும் டிபிஏ நிறுவனத்திலோ இருக்கும் மருத்துவ அதிகாரி. அவர் முன்னால் இருப்பவை படிவம், ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், பாலிசி விவரம் ஆகியவை மட்டுமே. 2024 மே 29 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் வேண்டுகோள் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் விண்ணப்பம் அரைகுறையாகப் போய், ஒரு கேள்வி திரும்பி வந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தால் நோயாளிக்குப் பலன் இல்லை. பதில் போகும்வரை கோப்பு அங்கேயே நிற்கும்.

அந்த அதிகாரி தேடுவது நான்கே விஷயங்கள். இது என்ன நோய்? இதற்கு ஏன் மருத்துவமனையில் படுக்க வேண்டும்? இந்தச் சிகிச்சை ஏன், அதுவும் ஏன் இப்போதே? இந்த நோய் எப்போதிலிருந்து இருக்கிறது? நல்ல விண்ணப்பம் என்பது இந்த நான்குக்கும் அவர் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பது.

ஒரு கேஸ் ஷீட்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. 52 வயதுப் பெண்மணி ஒருவரை அவர் மகன் இரவு எட்டு மணிக்கு அழைத்து வருகிறார். 5 லட்சம் ரூபாய் பாலிசி, எடுத்து மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது, இடைவெளியின்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் வந்து பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு, சுருக்கெழுத்துகளை விரித்தால், இப்படி இருக்கிறது:

‘வலது மேல் வயிற்றில் வலி 2/7. வாந்தி மூன்று முறை. காய்ச்சல் 1/7. இதேபோல் லேசான வலி 2/12 முன்பு, தானாகச் சரியானது. சர்க்கரை நோய் 3 வருடம், மாத்திரையில். வெப்பம் 101.2. நாடி 104. ரத்த அழுத்தம் 130/80. மர்ஃபி பாசிட்டிவ். வெள்ளணுக்கள் 15,200. பிலிருபின் 0.9. சர்க்கரை 248. ஸ்கேன்: பித்தப்பை வீங்கியுள்ளது, பல கற்கள், பெரியது 14 மி.மீ., சுவர் 6 மி.மீ., சுற்றிலும் நீர், பொதுப் பித்தநாளம் 5 மி.மீ. முடிவு: கற்களால் வந்த தீவிரப் பித்தப்பை அழற்சி. வாய்வழி எதுவும் வேண்டாம், குளுக்கோஸ், ஊசி வழி ஆன்டிபயாட்டிக், லேப்பராஸ்கோப்பி மூலம் பித்தப்பை நீக்கம்.’

பத்து வரிதான். ஆனால் விண்ணப்பத்துக்கு வேண்டிய அத்தனையும் இதற்குள் இருக்கிறது. அதைப் படித்து எடுப்பதில்தான் வேலை. முதலில் அந்தப் பின்ன எண்கள். பல டாக்டர்கள் கால அளவை இப்படித்தான் எழுதுவார்கள். கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். ஆக 2/7 என்பது இரண்டு நாள், 2/12 என்பது இரண்டு மாதம். டெஸ்க்குக்குப் புதிதாக வந்த ஒருவர் 2/12 என்பதைப் பன்னிரண்டு மாதமாகவோ இரண்டு வருடமாகவோ படித்துவிட்டால், படிவம் முழுவதுமே வேறு கதை சொல்லத் தொடங்கிவிடும்.

‘கல்’ என்று மட்டும் எழுதினால் போதாது

நோயறிதல் என்ற கட்டத்தில் மூன்று விதமாக எழுத வாய்ப்பு உண்டு.

‘வயிற்று வலி, பரிசோதனைக்காக’ என்று எழுதலாம். அப்படி எழுதினால் அனுமதி கிடைப்பது கடினம். வெறும் பரிசோதனைக்காகவும் நோயைக் கண்டறிவதற்காகவும் மட்டும் மருத்துவமனையில் சேர்வதற்குப் பணம் தர வேண்டியதில்லை என்பது எல்லா பாலிசிகளிலும் பொதுவாக உள்ள விலக்குகளில் ஒன்று. அதற்கு Excl04 என்று எண்ணே உண்டு. வலி என்பது நோயாளி சொல்லும் தொந்தரவு. அது நோயின் பெயர் ஆகாது.

‘பித்தப்பைக் கல்’ என்று எழுதலாம். பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. பித்தப்பையில் கல் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவர்கள் நிறைய. படிக்கும் அதிகாரிக்கு உடனே தோன்றும் கேள்வி: கல் இருந்தால் இருக்கட்டும், இன்று இரவே ஏன் அட்மிஷன்?

மூன்றாவது, டாக்டர் குறிப்பில் உள்ளபடியே ‘கற்களால் வந்த தீவிரப் பித்தப்பை அழற்சி’ என்று எழுதுவது. இதற்கும் முந்தையதற்கும் உள்ள வேறுபாடு சர்வதேச நோய்க் குறியீட்டிலேயே தெரியும். அழற்சி இல்லாத பித்தப்பைக் கல்லுக்கு K80.2, தீவிர அழற்சியோடு கூடியதற்கு K80.0. ஒரே ஓர் இலக்கம்தான் மாறுகிறது. முதலாவது ‘தேதி குறித்து வந்து செய்துகொள்ளலாம்’ என்கிறது. இரண்டாவது ‘இப்போது படுக்க வேண்டும்’ என்கிறது. பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட குறியீட்டைப் போட்டுவிட்டு, கீழே அவசரச் சிகிச்சை என்று எழுதினால் படிவம் தன்னைத் தானே மறுத்துக்கொள்கிறது.

பெயரை எழுதினால் மட்டும் போதாது. அதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தீவிரப் பித்தப்பை அழற்சியை உறுதிசெய்ய மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு: 2018-இல் திருத்தி வெளியிடப்பட்ட டோக்கியோ வழிகாட்டுதல்கள். அது மூன்று வகைச் சான்று கேட்கிறது. ஒன்று, அந்த இடத்திலேயே தெரியும் அறிகுறி. விலா எலும்புக்குக் கீழே டாக்டர் அழுத்தியபடி மூச்சை இழுக்கச் சொல்லும்போது வலியால் மூச்சு பாதியில் நிற்பதுதான் மர்ஃபி அறிகுறி. இரண்டு, உடல் முழுவதும் தெரியும் அழற்சி: காய்ச்சல், அல்லது வெள்ளணுக்கள் கூடியிருப்பது. மூன்று, ஸ்கேனில் அதற்குரிய மாற்றம். பித்தப்பைச் சுவர் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருப்பது அவற்றில் ஒன்று.

நம் நோயாளிக்கு மூன்றுமே இருக்கின்றன. மர்ஃபி பாசிட்டிவ்; வெப்பம் 101.2, வெள்ளணுக்கள் 15,200. சுவர் 6 மி.மீ., சுற்றிலும் நீர். படிவத்தில் ‘மருத்துவப் பரிசோதனையில் கண்டவை’ என்றொரு கட்டம் உண்டு. அதில் ‘அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். அதற்குப் பதில் இந்த மூன்று வகைச் சான்றையும் மூன்று வரியில் எழுதிவிட்டால், அதிகாரி இணைப்புகளைப் புரட்டுவது சரிபார்க்க மட்டுமே; தேடுவதற்காக அல்ல.

சிக்கல் பிறக்கும் இடம்: எப்போதிலிருந்து?

படிவத்தில் மிகச் சிறிய கட்டங்கள் காலத்தைக் கேட்பவை. அனுமதி மறுப்பு பெரும்பாலும் முளைப்பது அங்கேதான். ‘தற்போதைய நோய் எத்தனை நாளாக’ என்று ஒரு கட்டம்; ‘இதே நோய் முன்பு வந்ததுண்டா’ என்று இன்னொன்று; சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்கள் எந்த மாதம், எந்த வருடத்திலிருந்து என்று ஒரு பட்டியல்.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? பாலிசியில் காத்திருப்புக் காலங்கள் இருப்பதுதான் காரணம். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்ற சில நோய்களுக்குப் பல பாலிசிகள் முதல் இரண்டு வருடம் பணம் தருவதில்லை. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்லலாம். 2024-க்கு முன் இந்த வரம்பு நான்கு வருடமாக இருந்தது. நம் நோயாளிக்கு மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது. பித்தப்பைக் கல்லுக்கான காத்திருப்பு முடிந்துவிட்டது. ஆகவே ‘தற்போதைய நோய்’ என்பதற்கு இரண்டு நாள் என்றும், ‘முன் வரலாறு’ என்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒருமுறை லேசான வலி என்றும் உள்ளபடியே எழுதலாம். அந்த இரண்டு மாத வலியை மறைப்பதில் எந்த லாபமும் இல்லை. கேஸ் ஷீட்டில் அது இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். படிவத்தில் மட்டும் இல்லாமல் போனால்தான் சந்தேகம்.

சர்க்கரை விஷயம்தான் வேறு. நிபுணரின் குறிப்பில் 3 வருடம் என்றிருக்கிறது. ஆனால் அவர் வருவதற்கு முன், கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் மகனிடம் கேட்டிருக்கிறார்.

“அம்மாவுக்கு சுகர் எத்தனை வருஷமா?”

“அது இருக்கும் சார், ஒரு அஞ்சாறு வருஷமா.”

அம்மா வலியில் துடிக்கும் நேரத்தில் மகன் சொன்ன உத்தேசக் கணக்கு. அது ‘சர்க்கரை 6 வருடம்’ என்று கேஷுவாலிட்டி ஷீட்டில் பதிவாகிவிட்டது. இப்போது ஒரே கோப்பில் இரண்டு எண்கள். மூன்று வருடம் என்றால் பாலிசி எடுத்த பிறகு வந்த நோய். ஆறு வருடம் என்றால் பாலிசிக்கு முன்பே இருந்த நோய். விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை என்றால், முக்கியமான தகவலை மறைத்தார் என்ற வாதம் எழும். தொடர்ந்து அறுபது மாதம் பாலிசி நடந்த பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்த வாதத்தை எழுப்ப முடியாது. இவருக்கு இன்னும் அறுபது மாதம் ஆகவில்லை.

சர்க்கரைக்கும் பித்தப்பை அழற்சிக்கும் நேரடித் தொடர்பு இல்லையே என்று கேட்கலாம். சர்க்கரைதான் இதற்கு நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தகவல் மறைப்பு என்ற கேள்வி நோயைப் பொறுத்ததல்ல, பாலிசியையே பொறுத்தது. அதனால்தான் இந்த முரண்பாட்டைக் கண்டதும் டெஸ்க்கில் இருப்பவர் நிறுத்திவிட வேண்டும். தனக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போகக் கூடாது. பழைய எண்ணை வெள்ளை பூசி அழிக்கவும் கூடாது. செய்ய வேண்டியது, ஆவணத்தைத் தேடுவது. முதன்முதலில் சர்க்கரை என்று தெரிந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை, முதல் மருந்துச் சீட்டு, இரண்டில் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கும். மகன் தங்கையிடம் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். பரிசோதனை மூன்று வருடம் ஒரு மாதத்துக்கு முன் எடுக்கப்பட்டது. அதே வாரத்தில் எழுதிய மருந்துச் சீட்டில் ‘புதிதாகக் கண்டறியப்பட்டது’ என்றிருக்கிறது. அதைப் பார்த்த டாக்டர், கேஷுவாலிட்டிக் குறிப்பில் இருந்த எண் உறவினரின் உத்தேசம் என்றும், ஆவணப்படி மூன்று வருடம் என்றும் தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்தப் பழைய சீட்டும் விண்ணப்பத்தோடு போகிறது.

ஆவணம் ஆறு வருடம் என்று சொல்லியிருந்தால்? ஆறு என்றுதான் எழுத வேண்டும். பாலிசி எடுக்கும்போது சொல்லாமல் விட்டதை இந்தப் படிவத்தால் சரிசெய்ய முடியாது. மாற்றி எழுதினால், சொல்லாமல் விட்டது என்ற குறையோடு பொய் ஆவணம் என்ற குற்றமும் சேர்ந்துவிடும்.

என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை நாள்?

சிகிச்சை என்ற கட்டத்தில் ‘அறுவை சிகிச்சை’ என்று மட்டும் எழுதினால் அடுத்த கேள்வி உறுதி. எந்த அறுவை, எந்த வழியில், எந்த மயக்கத்தில் என்பது வேண்டும். இங்கே அது, முழு மயக்கத்தில் லேப்பராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை நீக்குவது; அதற்கான செயல்முறைக் குறியீடு 0FT44ZZ. கூடவே ஒரு வரி: அழற்சியால் உள்ளே ஒட்டிக்கிடந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். இதை முன்பே சொல்லிவிட்டால், அப்படி நேரும்போது கூடுதல் தொகை கேட்பது புதுக்கதையாகத் தோன்றாது. அறுவைக்கு முன் நடப்பதையும் எழுத வேண்டும்: ஊசி வழி ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ், இன்சுலின். மருந்து எந்த வழியில் தரப்படுகிறது என்று படிவமே கேட்கிறது. மாத்திரையாக வீட்டிலேயே விழுங்கக்கூடிய மருந்துக்கு மருத்துவமனை எதற்கு என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள்.

தங்கும் நாள்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். சிக்கல் இல்லாத பித்தப்பைக் கல் அறுவையில் மறுநாளே வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆகவே நான்கு நாள் என்று கேட்டால், ஏன் நான்கு என்பது தெரிய வேண்டும். முதல் நாள் தொற்றையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, இசிஜி, மார்பு எக்ஸ்ரே எடுத்து மயக்கமருந்து நிபுணரின் ஒப்புதல் பெறுவது. இரண்டாம் நாள் அறுவை. மூன்றாம் நாள் ஊசி மருந்து தொடர்வது, வாய்வழி உணவைத் தொடங்குவது, சர்க்கரையைக் கவனிப்பது. நான்காம் நாள் காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார் என்றால் டிஸ்சார்ஜ். தீவிர சிகிச்சைப் பிரிவு: தேவையில்லை.

பாதுகாப்புக்காக ஏழு நாள் என்று போட்டுவைப்பதும், ஐசியு இரண்டு நாள் என்று சேர்த்துவைப்பதும் உதவாது. நோயின் தீவிரமும் நாள்களும் பொருந்தாதபோது அதிகாரி முழுக் கோப்பையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். நாள் கூடினால் அப்போது டாக்டரின் குறிப்போடு கூடுதல் அனுமதி கேட்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

செலவு மதிப்பீட்டையும் இனம் பிரித்தே எழுத வேண்டும். நம் உதாரணத்தில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: அறை நான்கு நாளுக்கு 18,000, பரிசோதனைகள் 12,000, அறுவை அரங்கு 20,000, மருத்துவர் கட்டணங்கள் 45,000, மருந்தும் உபயோகப் பொருள்களும் 30,000. மொத்தம் 1,25,000 ரூபாய்.

இதில் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய ஒரே எண் அறை வாடகை. பாலிசியில் நாளொன்றுக்கு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று வரம்பிருந்தால், 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். ‘அம்மாவுக்கு நல்ல ரூமா இருக்கட்டும்’ என்று 8,000 ரூபாய் அறை எடுத்தால், நாளுக்கு 3,000 மட்டும்தான் நம் கையிலிருந்து என்று நினைப்போம். விகிதாசாரக் கழிவு உள்ள பாலிசியில், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு போன்றவற்றிலும் எட்டில் ஐந்து பங்கைத்தான் தருவார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்து 65,000, கிடைப்பது 40,625. மீதி 24,375 நம் பொறுப்பு. அறை வித்தியாசம் 12,000 தனி. மருந்து, உபயோகப் பொருள், பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது.

நியாயம் சொல்லும் பத்தி

இவ்வளவையும் எழுதிய பிறகு, டாக்டரின் கையெழுத்தோடு ஒரு சிறு விளக்கக் குறிப்பு இணைப்பது நல்ல டெஸ்க்குகளின் வழக்கம். நம் நோயாளிக்கு அது ஆங்கிலத்தில் போகும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

‘52 வயதுப் பெண். இரண்டு நாளாக வலது மேல் வயிற்று வலி, மூன்று முறை வாந்தி, ஒரு நாளாகக் காய்ச்சல். வெப்பம் 101.2, நாடி 104, மர்ஃபி அறிகுறி உள்ளது. வெள்ளணுக்கள் 15,200. ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், சுவர் 6 மி.மீ., சுற்றிலும் நீர். பித்தநாளமும் பிலிருபினும் இயல்பு. நாளத்தில் கல் இருப்பதற்கான அறிகுறி இல்லை. நோயறிதல்: கற்களால் வந்த தீவிரப் பித்தப்பை அழற்சி. வாந்தியால் வாய்வழி மருந்து தர இயலாததாலும், ஊசி வழி ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினும் தேவைப்படுவதாலும் புறநோயாளியாகச் சிகிச்சை தர இயலாது. சர்க்கரை நோயாளி என்பதால் பித்தப்பை அழுகல், துளை விழுதல் ஆகிய ஆபத்துகள் கூடுதல். தள்ளிப்போட்டால் மீண்டும் அழற்சி வரவும் ஒட்டுதல் கூடவும் வாய்ப்பு உள்ளதால், இந்த அட்மிஷனிலேயே அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. எதிர்பார்க்கும் தங்கல் நான்கு நாள். சர்க்கரை நோய் மூன்று வருடமாக. முதல் பரிசோதனை அறிக்கை இணைப்பில்.’

இதில் ‘உயிருக்கு ஆபத்தான நிலை’, ‘மிகவும் கவலைக்கிடம்’ போன்ற சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரத்த அழுத்தம் 130/80 என்றிருக்கும்போது அப்படி எழுதினால் நம்பகம்தான் குறையும். எண்கள் பேச வேண்டிய இடத்தில் பெயரடைகளுக்கு வேலை இல்லை. இன்னொன்று: இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு தகவலும் கேஸ் ஷீட்டிலோ அறிக்கையிலோ இருக்கிறது. ‘வாய்வழி மருந்து தர இயலாது’, ‘இந்த அட்மிஷனிலேயே அறுவை’ என்ற முடிவுகள் மருத்துவருடையவை. அவை குறிப்பில் தெளிவாக இல்லையென்றால் டெஸ்க்கில் இருப்பவர் ஊகித்து எழுதக் கூடாது. மேலே போய் டாக்டரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுத வைத்த பிறகே படிவத்தில் சேர்க்க வேண்டும். பிற்பாடு இறுதி பில்லோடு கேஸ் ஷீட்டின் நகலும் போகலாம், இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

கேள்வி வந்தால், மறுப்பு வந்தால்

முதலில் வரும் அனுமதி இடைக்கால அனுமதிதான். 1,25,000 கேட்டதற்கு 60,000 வந்திருக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில் போன பிறகுதான் முழுக் கணக்கு. அந்த இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதும் 2024 சுற்றறிக்கையில் உள்ளது.

கேள்வி வந்தால், கேட்ட கேள்விக்கு மட்டும், ஆவணத்தோடு பதில் போக வேண்டும். ‘சர்க்கரை நோயின் முதல் சிகிச்சைச் சீட்டு வேண்டும்’ என்று கேட்டால் அந்தச் சீட்டு. ஒரு நீண்ட கடிதம் அல்ல. கேள்வி என்ன என்பதைக் குடும்பத்தார் டெஸ்க்கில் கேட்டு அதன் நகலை வாங்கிப் பார்க்கலாம். பல சமயம் அவர்கள் கேட்கும் காகிதம் நம் வீட்டுப் பீரோவில் இருக்கும். டெஸ்க்கோ அதை டாக்டரிடம் தேடிக்கொண்டிருக்கும்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளெய்மே மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை. தகவல் போதவில்லை என்று கேஷ்லெஸ்ஸை மறுத்த பிறகும், பணம் கட்டிச் சிகிச்சை பெற்று, ஆவணங்களோடு திரும்பக் கோரலாம். க்ளெய்மையே நிராகரிப்பதானால், அதை நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த விதியின்படி என்று காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளம், அதன்பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று படிகள் உள்ளன. குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

நம் பங்கு மிகச் சிறியது, ஆனால் வேறு யாராலும் செய்ய முடியாதது. நாட்பட்ட நோய் எதுவாக இருந்தாலும், அது முதலில் தெரியவந்த நாளின் பரிசோதனை அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் பாலிசியோடு ஒரே கவரில் வையுங்கள். கேஷுவாலிட்டியில் ‘எத்தனை வருஷமா’ என்று கேட்டால், தெரிந்தால் தேதியைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ‘பார்த்துச் சொல்றேன் டாக்டர்’ என்று சொல்லுங்கள். டெஸ்க்கில் படிவத்தை நீட்டும்போது வெற்றிடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நோயின் பெயர், எத்தனை நாளாக, முன்பிருந்த நோய்கள், அறை வாடகை ஆகிய நான்கு கட்டங்களையும் நிரப்பச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.